அட்ரீனல் சுரப்பி: எந்த அடுக்கில் எந்த ஹார்மோன், ஏன் அங்கே? முதலாண்டு மருத்துவ மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

“உப்பு, சர்க்கரை, பாலியல் என்று வெளியிலிருந்து உள்ளே வரிசையாக மனப்பாடம் செய்துவிட்டேன். இது போதாதா சார்?”

இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் போதும். வரிசையில் பிழையும் இல்லை. உறையை ஒட்டி இருக்கும் குளோமெருலோசா, ஆல்டோஸ்டிரோனைச் செய்து உடலின் உப்பைக் காக்கிறது. நடுவில் இருக்கும் ஃபாசிகுலாட்டா, கார்டிசோலைச் செய்து இரத்தச் சர்க்கரை விழாமல் தாங்குகிறது. அதற்கும் உள்ளே இருக்கும் ரெட்டிகுலாரிஸ், வலுக் குறைந்த ஆண்ட்ரோஜன்களைச் செய்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தது கார்டெக்ஸ் என்னும் புறணி. சுரப்பியின் நடுவே இருப்பது மெடுல்லா என்னும் அகணி. அங்கே அட்ரீனலினும் நார் அட்ரீனலினும் சுரக்கின்றன.

ஆனால் வாய்மொழித் தேர்வில், “குளோமெருலோசா ஏன் கார்டிசோலைச் செய்வதில்லை?” என்று அடுத்த கேள்வி வந்தவுடன் இந்த மனப்பாடம் நின்றுவிடும். நான் முதலாண்டில் இருந்தபோது எனக்கும் அங்கேதான் நின்றது. வரிசை தெரிந்திருந்தது, காரணம் தெரியவில்லை. அதனால் ஒவ்வோர் அடுக்கைப் பற்றியும் இரண்டே இரண்டு செய்திகளைச் சேர்த்துப் படியுங்கள். அங்கே எந்த நொதி இருக்கிறது, எது இல்லை என்பது ஒன்று. அந்த அடுக்குக்கு எங்கிருந்து கட்டளை வருகிறது என்பது மற்றொன்று. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த இரண்டிலிருந்தே கிளைக்கின்றன.

“நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் இளஞ்சிவப்பாகத்தான் தெரிகிறது. அடுக்குகளை எப்படிப் பிரித்தறிவது?”

உறையிலிருந்து தொடங்கி உள்நோக்கி நகருங்கள். ஒரு போதும் நடுவிலிருந்து தொடங்காதீர்கள். 1866இல் ஜூலியஸ் ஆர்னால்ட் இந்த அடுக்குகளுக்கு இட்ட இலத்தீன் பெயர்கள் அவர் கண்ட வடிவத்தையே சொல்கின்றன: உருண்டை, கற்றை, வலை. உறையின் அடியில் செல்கள் சிறு சிறு உருண்டைகளாகத் திரண்டிருக்கும். இந்த அடுக்கு மெல்லியது. சில இடங்களில் விட்டுவிட்டும் தெரியும். அதை அடுத்து, செல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நீண்ட நேர்க்கற்றைகளாக இறங்கும். புறணியின் முக்கால் பங்கு இதுதான். இங்கே செல்கள் வெளுத்து, நுரைத்தாற்போல் இருக்கும். கார்டிசோலுக்கு மூலப்பொருளான கொலஸ்டிரால், எண்ணெய்த்துளிகளாக அந்தச் செல்களில் சேமிக்கப்பட்டிருக்கிறது. வில்லையைத் தயாரிக்கும்போது ஆல்கஹாலும் சைலீனும் அந்தக் கொழுப்பைக் கரைத்துவிடுவதால் வெற்றுக் குமிழ்கள் மட்டும் எஞ்சுகின்றன. அதற்கும் கீழே கற்றைகள் குலைந்து, ஒன்றோடொன்று பின்னி வலையாகின்றன. அங்கே செல்கள் சிறியவை, நிறம் அடர்ந்திருக்கும்.

மாணவர்கள் தடுமாறும் இடம் ரெட்டிகுலாரிசுக்கும் அகணிக்கும் இடையிலான எல்லை. அகணியின் செல்கள் பெரியவை. சைட்டோபிளாசம் சற்றே நீலச்சாயல் கொண்டது. அவற்றின் நடுவே தடித்த தசைச்சுவர் கொண்ட பெரிய சிரைகள் தெரியும். அந்தச் சிரையைக் கண்டுவிட்டால் அகணிக்குள் நுழைந்துவிட்டீர்கள் என்று உறுதியாகச் சொல்லலாம். வெட்டிய சுரப்பியைக் கண்ணால் பார்க்கும்போது இந்தக் குழப்பமே இல்லை. புறணி பளிச்சென்ற மஞ்சள், அகணி செம்பழுப்பு.

“மூன்று அடுக்குக்கும் மூலப்பொருள் கொலஸ்டிரால்தானே? பிறகு ஏன் வெவ்வேறு ஹார்மோன் வருகிறது?”

இந்தச் சுரப்பியின் பாடம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம். ஒரு தாளை எடுத்து வரைந்துகொண்டே படியுங்கள்.

தொடக்கம் மூன்று அடுக்குக்கும் பொது. கொலஸ்டிராலை ஸ்டார் என்னும் புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்குக் கொண்டு சேர்க்கிறது. அங்கே பக்கச்சங்கிலி வெட்டப்பட்டு, 27 கார்பன் கொண்ட மூலக்கூறு 21 கார்பன் கொண்ட பிரெக்னெனலோனாகிறது. மொத்த உற்பத்தியின் வேகத்தைத் தீர்மானிப்பது இந்த முதல் படிதான். மூன்று அடுக்குகளும் பிரெக்னெனலோன் வரை ஒன்றாகவே நடக்கின்றன. அதன் பிறகுதான் பிரிகின்றன.

பிரிக்கும் வாயில் 17-ஆல்ஃபா-ஹைட்ராக்சிலேஸ் என்னும் நொதி. மூலக்கூறின் 17ஆம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை ஒட்டுவது இதன் வேலை. கார்டிசோலுக்கு அந்த ஒட்டு கட்டாயம் வேண்டும். குளோமெருலோசாவில் இந்த நொதி இல்லை. எனவே அங்கே பிரெக்னெனலோன் நேராகப் புரொஜெஸ்டிரோனாகி, டீஆக்சிகார்ட்டிகோஸ்டிரோனாகி, கார்ட்டிகோஸ்டிரோனாகி, கடைசியில் ஆல்டோஸ்டிரோனாகிறது. கடைசிப் படிகளை முடித்துவைக்கும் ஆல்டோஸ்டிரோன் சிந்தேஸ் என்னும் நொதி குளோமெருலோசாவுக்கே உரியது. வேறு இரு அடுக்குகளிலும் அது இல்லை. ஆக, ஒரு நொதி இல்லாததும் ஒரு நொதி இருப்பதும் சேர்ந்து குளோமெருலோசாவை ஆல்டோஸ்டிரோன் அடுக்காக்குகின்றன.

ஃபாசிகுலாட்டாவில் 17-ஆல்ஃபா-ஹைட்ராக்சிலேஸ் இருக்கிறது. அதனால் பிரெக்னெனலோனும் புரொஜெஸ்டிரோனும் 17ஆம் இடத்தில் ஒட்டுப் பெறுகின்றன. பிறகு 21-ஹைட்ராக்சிலேஸ், அதன்பின் 11-பீட்டா-ஹைட்ராக்சிலேஸ் என இரண்டு நொதிகள் வேலை செய்து கார்டிசோலில் முடிக்கின்றன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். 21-ஹைட்ராக்சிலேஸ் ஆல்டோஸ்டிரோனுக்கும் வேண்டும், கார்டிசோலுக்கும் வேண்டும். ஆண்ட்ரோஜன்களுக்கு மட்டும் அது தேவையே இல்லை. கீழே வரும் குழந்தையின் கதை இந்த ஒற்றைச் செய்தியால்தான் புரியும்.

ரெட்டிகுலாரிசில் நடப்பது வேறு. அதே 17-ஆல்ஃபா-ஹைட்ராக்சிலேஸ் நொதிக்கு இன்னொரு திறனும் உண்டு. 17ஆம் கார்பனோடு தொங்கும் இரண்டு கார்பன்களை அது வெட்டி எறிய முடியும். சைட்டோக்ரோம் பி5 என்னும் துணைப்புரதம் அருகில் இருந்தால் அந்த வெட்டு விரைவாக நடக்கும். ரெட்டிகுலாரிசில் இந்தத் துணைப்புரதம் மிகுதி. வெட்டியதும் 21 கார்பன் 19 ஆகிறது. அதுதான் டிஹெச்இஏ. அதில் பெரும்பகுதி சல்ஃபேட் ஏற்றப்பட்டு இரத்தத்தில் செல்கிறது. கார்பன் எண்ணிக்கையை வைத்தே ஹார்மோனின் குலத்தைச் சொல்லிவிடலாம்: 21 என்றால் ஆல்டோஸ்டிரோன் அல்லது கார்டிசோல் வகை, 19 என்றால் ஆண்ட்ரோஜன்.

“பிட்யூட்டரியை அகற்றினால் அட்ரீனல் புறணி சுருங்கிவிடும் என்கிறார்கள். அப்படியானால் ஆல்டோஸ்டிரோனும் நின்றுபோகுமே?”

நிற்காது. சுருங்குவது உள்ளிரண்டு அடுக்குகள் மட்டுமே. ஃபாசிகுலாட்டாவுக்கும் ரெட்டிகுலாரிசுக்கும் எஜமான் பிட்யூட்டரியின் ஏசிடிஹெச். அது வராவிட்டால் அவை வேலையை நிறுத்துவதோடு நாளடைவில் மெலிந்தும் போகின்றன. குளோமெருலோசா வேறு இருவருக்குச் செவி சாய்க்கிறது. ஒன்று, சிறுநீரகம் சுரக்கும் ரெனின் வழியாக உருவாகும் ஆஞ்சியோடென்சின் 2. மற்றொன்று, இரத்தத்தில் உயரும் பொட்டாசியம். ஏசிடிஹெச் ஆல்டோஸ்டிரோனைச் சற்று நேரம் தூண்டும் என்பது உண்மைதான். ஆனால் நாள் முழுதும் அதை நடத்துவது அந்த இருவரே.

படுக்கையருகே இதற்கு நேரடிப் பயன் உண்டு. ஒருவர் பல மாதங்கள் பிரெட்னிசோலோன் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டைக் கண்டு பிட்யூட்டரி ஏசிடிஹெச்சை அடக்கி வைத்திருந்தது. ஃபாசிகுலாட்டா மெலிந்து கிடக்கிறது. மாத்திரை நின்றதும் கார்டிசோல் செய்ய ஆளில்லை. அவருக்குச் சோர்வு, குமட்டல், தலைசுற்றல், இரத்தச் சர்க்கரைக் குறைவு எல்லாம் வரலாம். ஆனால் குளோமெருலோசா நலமாக இருப்பதால் பொட்டாசியம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அடிசன் நோயாளியோடு இவரை ஒப்பிடுங்கள். 1855இல் இலண்டனில் தாமஸ் அடிசன் விவரித்த அந்த நோயில் சுரப்பியே அழிகிறது. அவர் கண்டவர்களில் பலருக்குக் காரணம் காசநோய். நம் நாட்டில் இன்றும் காசநோயை அந்தப் பட்டியலிலிருந்து நீக்க முடியாது. மூன்று அடுக்குகளும் போய்விடுவதால் ஆல்டோஸ்டிரோனும் இல்லை. சோடியம் சிறுநீரில் வெளியேறுகிறது, பொட்டாசியம் இரத்தத்தில் ஏறுகிறது. கார்டிசோல் இல்லாததைக் கண்டு பிட்யூட்டரி ஏசிடிஹெச்சை அள்ளிச் சுரக்கிறது. மிகுந்த ஏசிடிஹெச் தோலின் நிறமிச் செல்களையும் தூண்டுவதால் ஈறு, உள்ளங்கைக் கோடுகள், பழைய தழும்புகள் கறுக்கின்றன. நம் நிறத்தவருக்குத் தோலைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். வாயைத் திறக்கச் சொல்லி ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் பாருங்கள். மாத்திரையை நிறுத்தியவருக்கு ஏசிடிஹெச் குறைவு என்பதால் இந்தக் கறுப்பு வராது. பொட்டாசியமும் கறுப்பும்தான் இருவரையும் பிரித்துக் காட்டுகின்றன. இரண்டுமே அடுக்குகளின் பாடத்திலிருந்து நேராக வருபவை.

“கார்டிசோலும் ஆல்டோஸ்டிரோனின் ஏற்பியில் ஒட்டும் என்று படித்தேன். அப்படியானால் சிறுநீரகத்தில் கார்டிசோல்தானே ஆட்சி செய்ய வேண்டும்?”

மிக நல்ல சந்தேகம். அளவைப் பாருங்கள். ஒரு நாளில் புறணி செய்யும் கார்டிசோல் ஏறத்தாழ 10 முதல் 20 மில்லிகிராம். ஆல்டோஸ்டிரோன் 0.1 முதல் 0.15 மில்லிகிராம், அதாவது நூறில் ஒரு பங்கு. இரத்தத்தில் உள்ள செறிவை எடுத்துக்கொண்டால் இடைவெளி இன்னும் பெரிது. ஆல்டோஸ்டிரோன் இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் அதைத் தனியே பிரித்தெடுக்க 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சில்வியா சிம்ப்சனும் ஜேம்ஸ் டெய்ட்டும் அதைச் செய்தபோது அதற்கு எலெக்ட்ரோகார்ட்டின் என்று பெயரிட்டார்கள். இந்தப் பெயர்தான் அதன் வேலையைத் தெளிவாகச் சொல்கிறது என்பது என் எண்ணம்.

அந்த ஏற்பி இரண்டு ஹார்மோன்களையும் ஏறக்குறைய ஒரே இறுக்கத்துடன் பிடிக்கிறது. ஆகவே கார்டிசோலே எல்லா ஏற்பிகளையும் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படி நடக்காமல் தடுப்பது சிறுநீரக நுண்குழாய்ச் செல்லுக்குள் காவல் இருக்கும் ஒரு நொதி: 11-பீட்டா-ஹைட்ராக்சிஸ்டீராய்டு டீஹைட்ரஜனேஸ், இரண்டாம் வகை. உள்ளே வரும் கார்டிசோலை அது கார்டிசோனாக மாற்றிவிடுகிறது. கார்டிசோன் அந்த ஏற்பியில் ஒட்டாது. ஆல்டோஸ்டிரோனை இந்த நொதி ஒன்றும் செய்ய முடியாது. எனவே கூட்டம் வெளியே தடுக்கப்பட, சிறுபான்மை உள்ளே போய் வேலையை முடிக்கிறது.

இந்தக் காவலைக் கெடுக்கும் பொருள் நம் நாட்டு மருந்துக் கடையிலேயே இருக்கிறது. அதிமதுரம். அதில் உள்ள கிளைசிரைசிக் அமிலம் உடலில் மாறி, இந்த நொதியை அடக்கிவிடுகிறது. இருமலுக்கு ஓரிரு நாள் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வதைப் பற்றி நான் பேசவில்லை. நிறைய அளவில் வாரக்கணக்காகச் சாப்பிடுபவருக்கு இரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் இறங்கும். ஆல்டோஸ்டிரோன் மிகுந்தவரைப் போலவே தோன்றுவார். ஆனால் பரிசோதித்தால் ரெனினும் குறைவு, ஆல்டோஸ்டிரோனும் குறைவு. விடை மருந்துச் சீட்டில் இருக்காது, “நாட்டு மருந்து, கசாயம் ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால்தான் வெளிவரும்.

“ரெட்டிகுலாரிஸ் செய்யும் ஆண்ட்ரோஜனால் ஆண்களுக்கு என்ன பயன்?”

வயதுவந்த ஆணுக்கு அதிகம் இல்லை. விரை செய்யும் டெஸ்டோஸ்டிரோனுக்கு முன் இது அற்பம். பெண்ணுக்கு அக்குள் முடியும் மறைவிட முடியும் வளர இது முக்கியம். டிஹெச்இஏ தானே வலுக் குறைந்தது. உடலின் மற்ற திசுக்களில் டெஸ்டோஸ்டிரோனாக மாறிய பிறகே வலுப் பெறுகிறது.

இந்த அடுக்கு பிறவியிலேயே முழுதாக இருப்பதில்லை. ஆறு முதல் எட்டு வயதில்தான் அது விழித்தெழுந்து டிஹெச்இஏ செய்யத் தொடங்குகிறது. பூப்பெய்துவதற்கு முன்பே சிறுவர்களுக்கு வியர்வை நாற்றம் மாறுவதன் காரணம் இதுதான்.

“புறணியும் அகணியும் வேறு வேறு இடத்திலிருந்து உருவானவை என்றால் ஏன் ஒரே உறைக்குள் இருக்கின்றன?”

உருவான இடம் வேறு என்பது சரி. புறணி இடைப்படையிலிருந்து வருகிறது. அகணி நரம்பு முகட்டுச் செல்களிலிருந்து இடம்பெயர்ந்து வந்து புறணிக்குள் குடியேறுகிறது. அகணியின் குரோமாஃபின் செல்லை, நீண்ட இழை முளைக்காத ஒரு பரிவு நரம்புச் செல் என்றே கருதலாம். தண்டுவடத்திலிருந்து வரும் நரம்பிழை நேராக அதன்மேல் முடிந்து அசிடைல்கோலினைச் சுரக்கிறது. செல் தன் சரக்கை இரத்தத்தில் கொட்டுகிறது. அதனால்தான் அகணி நொடிகளில் பதில் சொல்கிறது. புறணியோ, கட்டளை வந்த பிறகு கொலஸ்டிராலிலிருந்து தொடங்கிச் செய்தாக வேண்டும். செய்துமுடித்த ஸ்டீராய்டை அது சேமித்து வைப்பதில்லை.

ஒன்றாக இருப்பதன் பலன் இரத்த ஓட்டத்தில் தெரியும். தமனிகள் பலவாக உறையின் மேல் வந்து கிளைத்து, நுண்நாளங்களாகப் புறணி வழியே உள்ளே இறங்கி, அகணியின் நடுவில் ஒரே சிரையில் சேர்கின்றன. ஆகவே அகணியை அடையும் இரத்தத்தின் பெரும்பகுதி, புறணியின் கார்டிசோலைச் சுமந்துகொண்டு வருகிறது. உடலின் வேறெந்தத் திசுவும் இவ்வளவு செறிந்த கார்டிசோலில் நனைவதில்லை. நார் அட்ரீனலினை அட்ரீனலினாக மாற்றும் நொதியின் பெயர் ஃபீனைல்எத்தனாலமைன்-என்-மெத்தில்டிரான்ஸ்ஃபரேஸ். அந்த நொதி போதிய அளவில் உருவாக இந்தச் செறிந்த கார்டிசோல் தேவை. எனவே அகணி சுரப்பதில் ஏறக்குறைய 80 விழுக்காடு அட்ரீனலின். அட்ரீனலுக்கு வெளியே உள்ள பரிவு நரம்பு முனைகள் நார் அட்ரீனலினோடு நின்றுவிடுகின்றன.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இரு சுரப்பிகளையும் அறுவையில் அகற்றியவருக்குக் கார்டிசோலையும் ஆல்டோஸ்டிரோனின் மாற்றையும் வாழ்நாள் முழுதும் கொடுத்தாக வேண்டும். அட்ரீனலினைக் கொடுக்கத் தேவையில்லை. பரிவு நரம்பு மண்டலம் அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டுகிறது. “உயிருக்கு எது இன்றியமையாதது, புறணியா அகணியா?” என்று கேட்டால் தயங்காமல் புறணி என்று சொல்லுங்கள்.

“ஒரு நோயாளியை வைத்து இதையெல்லாம் விளக்குவீர்களா?”

பாடத்துக்காக நான் அமைத்த எடுத்துக்காட்டு இது. ஆனால் குழந்தைகள் பிரிவில் இப்படிப்பட்ட குழந்தை வரத்தான் செய்கிறது.

பிறந்து 12 நாளான ஆண் குழந்தை. பிறக்கும்போது எடை 3 கிலோ, இப்போது 2.5. நான்கு நாளாகப் பால் குடிக்க மறுக்கிறது, வாந்தி எடுக்கிறது, துவண்டு கிடக்கிறது. நாக்கு உலர்ந்து, உச்சிக்குழி பள்ளமாகியிருக்கிறது. பிறப்புறுப்பு ஆண் குழந்தைக்கு இயல்பாகவே இருக்கிறது. விதைப்பை மட்டும் சற்றுக் கறுத்திருக்கிறது. இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 118 மில்லிமோல், பொட்டாசியம் 7.6, குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 42 மில்லிகிராம், இரத்தம் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கிறது.

வாந்தி எடுக்கும் பச்சைக் குழந்தை என்றதும் இரைப்பையின் வாயில் சுருங்கியிருக்குமோ என்று நினைப்பது இயல்பு. அந்த நோயில் இரைப்பை அமிலம் வெளியே போய்விடுவதால் இரத்தம் காரப் பக்கம் சாயும், பொட்டாசியம் குறையும். இங்கே இரண்டுமே நேர் எதிர். அதனால் வயிற்றை விட்டுவிட்டு அட்ரீனலுக்கு வருவோம்.

அடுக்கடுக்காகப் பாருங்கள். சோடியம் குறைந்து பொட்டாசியம் ஏறியிருப்பதால் ஆல்டோஸ்டிரோன் இல்லை: குளோமெருலோசா செயலற்றது. சர்க்கரை குறைந்திருப்பதால் கார்டிசோல் இல்லை என்று ஐயப்படலாம்: ஃபாசிகுலாட்டாவும் தடைபட்டிருக்கிறது. விதைப்பை கறுத்திருப்பதால் ஏசிடிஹெச் மிகுந்திருக்கிறது. இப்போது தாளில் வரைந்த பாதைக்குத் திரும்புங்கள். ஆல்டோஸ்டிரோன், கார்டிசோல் இரண்டையும் தடுத்து, ஆண்ட்ரோஜனைத் தொடாத நொதி எது? 21-ஹைட்ராக்சிலேஸ். அந்த நொதிக்கு முன்னால் தேங்கும் பொருள் 17-ஹைட்ராக்சிபுரொஜெஸ்டிரோன். அதை அளந்தால் இயல்பைவிடப் பல மடங்கு உயர்ந்திருக்கும். நோயை உறுதிசெய்வது அந்த அளவுதான். பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி என்று அழைக்கப்படும் நோய்த்தொகுதியில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இந்த நொதியின் குறையால் வருபவை.

தேங்கியது வேறு வழி தேடும். அடைபட்ட வாய்க்காலின் நீர் பக்கத்து வாய்க்காலில் பாய்வதுபோல், மூலப்பொருள் ஆண்ட்ரோஜன் பாதைக்குப் பாய்கிறது. கார்டிசோல் வராததால் ஏசிடிஹெச் அடங்காமல் தூண்டிக்கொண்டே இருக்கிறது. சுரப்பி பருத்து மேலும் மேலும் ஆண்ட்ரோஜனைச் செய்கிறது. இதே நோய் பெண் குழந்தைக்கு வந்தால் பிறக்கும்போதே பிறப்புறுப்பு ஆணின் சாயலில் மாறியிருக்கும். பிரசவ அறையிலேயே யாராவது கவனித்துவிடுவார்கள். ஆண் குழந்தைக்கு அப்படி வெளித்தெரியும் மாற்றம் பெரிதாக இல்லை. அதனால் நலமான குழந்தை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டு, இரண்டாம் வாரத்தில் உயிருக்குப் போராடும் நிலையில் திரும்பி வருகிறது. இந்த நோயில் என்னை அதிகம் கலங்கவைப்பது இந்த இடைவெளிதான். பிறந்த குழந்தையின் குதிகால் குத்திய இரத்தத்துளியில் 17-ஹைட்ராக்சிபுரொஜெஸ்டிரோனைப் பார்க்கும் பரிசோதனை எங்கெல்லாம் நடக்கிறதோ அங்கெல்லாம் இந்தக் குழந்தை நெருக்கடிக்கு முன்பே பிடிபடும்.

முதல் வாரம் ஏன் நன்றாக இருந்தது? கருவில் உப்பையும் பொட்டாசியத்தையும் நஞ்சுக்கொடி வழியே தாயின் உடல் சரிசெய்து வந்தது. பிறந்த பின் குழந்தை தன் கையிருப்பை ஒவ்வொரு நாளும் சிறுநீரில் இழந்து, ஓரிரு வாரத்தில் கரை தட்டுகிறது.

அகணியையும் மறக்காதீர்கள். இந்தக் குழந்தையின் அகணிக்குப் புறணியிலிருந்து போதிய கார்டிசோல் வரவில்லை. எனவே அட்ரீனலின் உற்பத்தியும் குறைவு. சர்க்கரை விழும்போது அதைத் தூக்கிவிட வேண்டிய இரண்டாம் ஆளும் பலவீனமாக இருக்கிறார்.

மருத்துவம் பாதையை அப்படியே பின்பற்றுகிறது. 17-ஹைட்ராக்சிபுரொஜெஸ்டிரோனுக்கு இரத்தம் எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல், சோடியம் குளோரைடு கரைசலும் குளுக்கோசும் ஏற்றி, ஹைட்ரோகார்டிசோன் ஊசி போடுகிறார்கள். ஏறிய பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடக்கூடும் என்பதால் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பார்க்கிறார்கள். நெருக்கடி தணிந்த பின் தினமும் இரண்டு மருந்துகள். இழந்த கார்டிசோலுக்கு ஹைட்ரோகார்டிசோன். இழந்த ஆல்டோஸ்டிரோனுக்கு ஃப்ளூட்ரோகார்டிசோன். கைக்குழந்தைப் பருவத்தில் கூடுதலாகச் சிறிது உப்பும். ஆண்ட்ரோஜனுக்கெனத் தனி மருந்து இல்லை. ஹைட்ரோகார்டிசோன் ஏசிடிஹெச்சை அடக்கியதும் அது தானே குறைகிறது. காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோன் அளவைக் கூட்ட வேண்டும் என்பதைப் பெற்றோருக்கு எழுதியே கொடுத்துவிட வேண்டும்.

“11, 17 என்று வேறு நொதிகளிலும் குறை வரும் என்கிறார்கள். மூன்றையும் குழப்பிக்கொள்கிறேன்.”

பாதையை வரைந்து, அந்தந்த இடத்தில் ஒரு கோடு போட்டு அடைத்துப் பாருங்கள், குழப்பம் தெளியும்.

11-பீட்டா-ஹைட்ராக்சிலேஸ் குறைந்தால் கார்டிசோல் குறையும். ஆண்ட்ரோஜன் மேற்சொன்னபடியே வழியும். ஆனால் அடைப்புக்கு முன்னால் தேங்குவது டீஆக்சிகார்ட்டிகோஸ்டிரோன். அது ஆல்டோஸ்டிரோனின் ஏற்பியில் ஒட்டக்கூடியது. மலைபோல் குவியும்போது உப்பைப் பிடித்துவைக்கும். எனவே இந்தக் குழந்தை உப்பை இழப்பதற்கு மாறாக, காலப்போக்கில் உயர் இரத்த அழுத்தம் பெறும்.

17-ஆல்ஃபா-ஹைட்ராக்சிலேஸ் குறைந்தால் ஃபாசிகுலாட்டாவும் குளோமெருலோசாவைப் போலவே நடந்துகொள்கிறது, கார்ட்டிகோஸ்டிரோனில் போய் நிற்கிறது. அங்கும் டீஆக்சிகார்ட்டிகோஸ்டிரோன் பெருகி இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆண்ட்ரோஜன் பாதை முற்றிலும் அடைபடுகிறது. இதே நொதி சூலகத்திலும் விரையிலும் வேண்டும் என்பதால் அங்கும் பாலின ஹார்மோன்கள் உருவாவதில்லை. கார்டிசோல் குறைந்தும் நெருக்கடி வருவது அரிது. கார்ட்டிகோஸ்டிரோன் கார்டிசோலின் வேலையை ஓரளவு பார்த்துக்கொள்கிறது. எலிகளின் ஃபாசிகுலாட்டாவில் இந்த நொதி இயல்பாகவே இல்லை. அவை வாழ்நாள் முழுதும் கார்ட்டிகோஸ்டிரோனிலேயே வாழ்கின்றன.

எண்களை வைத்து நினைவில் கொள்ள ஒரு வழி உண்டு. எண்ணின் முதல் இலக்கம் 1 என்றால் இரத்த அழுத்தம் உயரும். இரண்டாம் இலக்கம் 1 என்றால் ஆண்ட்ரோஜன் மிகும். 11இல் இரண்டும், 17இல் முதலாவது மட்டும், 21இல் இரண்டாவது மட்டும். பதினாறு வயதாகியும் பூப்பெய்தாத, அக்குள் முடியும் வளராத ஒரு பெண் உயர் இரத்த அழுத்தத்தோடும் குறைந்த பொட்டாசியத்தோடும் வந்தால், 17ஆம் வாயில் அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பீர்கள்.